லண்டனுக்குப் போகாத கோப்பு

நிதி மோசடி வழக்குகளை விசாரிக்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும், அவற்றை நீதிமன்றத்தில் நடத்தும் அரசு வழக்கறிஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

கோத்தகிரி வட்டாரத்து டெபாசிட்தாரர்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர் நான். எங்கள் வழக்கில் நீங்கள் தாக்கல் செய்த நிலை அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மக்களிடம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத கம்பெனியின் நிர்வாக இயக்குநர் லண்டனில் இருக்கிறார், அவரை ஒப்படைக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது, ஆகவே அவர் மீதான வழக்கைத் தனியாகப் பிரித்து நீண்டகால நிலுவைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிலுவைப் பட்டியலுக்குப் போன வழக்கு என்ன கதி ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லண்டன் எதையும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் முதலில் கோப்பு அங்கே போயிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது, இது எப்படிக் குற்றமாகும் என்ற கேள்விகளோடு மேலிடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் எழுதிய பதிலையும் நீதிமன்றக் கோப்பில் படித்தேன். மூன்று கேள்விகளுக்கும் ஒரே வாக்கியம்தான் பதில்: முதிர்வுத் தேதி கடந்தும் டெபாசிட் தொகையைத் திருப்பித் தரவில்லை. வழக்கு முடங்கியதற்குக் காரணம் அந்த வாக்கியம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் வழக்கோடு நிற்கப் போவதில்லை.

நீங்கள் குற்றப்பத்திரிகையை நிறுத்தியிருப்பது 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் மேல். நல்ல சட்டம், மலைக்காரர்களுக்கு அதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டெபாசிட் வாங்கிய நிறுவனம் சொன்ன தேதியில் அசலையோ வட்டியையோ தராவிட்டால், அந்தத் தவறுதலே குற்றம். நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் நமக்கு இது பெரிய பலம். அதே பலம் கடல் தாண்டியதும் பலவீனமாகிறது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் 1992இல் கையெழுத்தான ஒப்பந்தம் கேட்பது எளிமையானது. ஒருவர் செய்த செயல் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும், இரண்டிலும் குறைந்தது ஓராண்டு சிறை விதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரட்டைக் குற்றத்தன்மை என்கிறோமே, அது இதுதான். தன் சட்டத்தில் குற்றமில்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தன் போலீஸை வைத்துப் பிடித்துக் கொடுக்க எந்த நாடும் சம்மதிக்காது; நாமும் சம்மதிக்க மாட்டோம். வாங்கிய பணத்தைத் தேதிக்குத் தராமல் போவது இங்கிலாந்தில் கடன் பாக்கி. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஜெயிலில் போட முடியாது. உங்கள் ஒற்றை வாக்கியத்தை லண்டன் மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தால் அவர் பார்க்கப் போவது ஒரு கடன்காரரைத்தான்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: இந்திய தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவையும் சேர்த்திருக்கிறோமே, மோசடி அங்கேயும் குற்றம்தானே? சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் எண்ணை மட்டும்தான். அங்குள்ள நீதிமன்றம் பிரிவின் எண்ணையோ குற்றத்தின் பெயரையோ ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கோரிக்கையில் சொல்லப்பட்ட செயல்களை எடுத்துக்கொள்ளும். இதே செயல் இங்கிலாந்தில் நடந்திருந்தால் குற்றமாகியிருக்குமா என்று கேட்கும். பிரிட்டிஷ் தொழிலதிபர் ஐயன் நாரிஸ் வழக்கில் 2008ஆம் ஆண்டு, அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கியது. கார்பன் பொருட்களின் விலையைப் போட்டி நிறுவனங்களோடு கூடிப் பேசி நிர்ணயித்தார் என்று அமெரிக்கா அவரைக் கேட்டது. சம்பவம் நடந்த காலத்தில் வெறுமனே விலை பேசி வைப்பது பிரிட்டனில் குற்றமாக இல்லை, ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் அவரை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே கோரிக்கையில் இன்னொன்றும் இருந்தது: விசாரணையைத் தடுக்கச் சாட்சிகளைச் சரிக்கட்டியதும் ஆவணங்களை அழிக்க ஏற்பாடு செய்ததும். அது எங்கேயும் குற்றம். அந்தக் கதவு வழியாகத்தான் 2010இல் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஒரே மனிதர், ஒரே விவகாரம், இரண்டு விவரிப்பு. ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது.

இந்த வழக்குக்குப் பொருந்தும் நம்முடைய பழைய தண்டனைச் சட்டமே இந்த வேறுபாட்டை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது. 415ஆம் பிரிவின் கீழ் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவுரிச் செடி தருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அது ஏமாற்று. வாங்கும்போது தர நினைத்து, பிறகு தராமல் போனால் அது ஏமாற்று இல்லை, உரிமையியல் வழக்கு மட்டுமே. எல்லாம் பணம் கைமாறும் அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. உங்கள் குற்றப்பத்திரிகையில் முதிர்வுத் தேதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பணம் வாங்கிய நாளில் அந்த மனிதர் என்ன சொன்னார், அதில் எது பொய் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை.

சான்று இல்லாமலா போயிற்று? இருக்கிறது. டெபாசிட்தாரர்கள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தவற்றையும், நீங்களே கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைத்தவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துண்டுப் பிரசுரம். பச்சைத் தாள், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியது. மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியின் படம், கீழே 'எங்கள் சொந்தத் தொழிற்சாலை', அதற்கும் கீழே தேயிலை வாரியப் பதிவு எண். உங்கள் பணம் பச்சை இலை வாங்கப் பயன்படும், தூள் விற்று வரும் லாபத்திலிருந்து மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று அச்சடித்திருக்கிறது. ஹட்டி என்னும் மலைக்கிராமத்தில், மகளிர் குழுக் கூட்டத்தில் இதைத்தான் கையில் கொடுத்தார்கள். இலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. கிலோவுக்குக் கூலிகூடக் கட்டாத விலைக்கு இலையைக் கொட்டிக்கொண்டிருந்த பெண்களிடம், நம் இலைக்கு நம் ஃபேக்டரி என்று சொன்னால் யார் கொடுக்க மாட்டார்கள்? அந்தப் படத்தில் உள்ள ஃபேக்டரி கம்பெனிக்குச் சொந்தமானது இல்லை, கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்ததும் இல்லை, பல ஆண்டுகளாக அது ஓடவே இல்லை. அதன் உரிமையாளர் இதை உங்களிடமே சொல்லியிருக்கிறார். அவருடைய வாக்குமூலம் இணைப்புகளில் எங்கோ கிடக்கிறது. குற்றப்பத்திரிகையின் விவரப் பகுதியில் அவர் வரவே இல்லை.

இரண்டாவது, கம்பெனியின் வங்கிக் கணக்கு. இலை வாங்கித் தூள் செய்யும் எந்த ஃபேக்டரிக்கும் குன்னூர் ஏலத்தில் விற்ற பணம் புரோக்கர் மூலமாக வரும், அல்லது நேரடியாக வாங்கிய வியாபாரியிடமிருந்து வரும். இந்தக் கணக்கில் அப்படி ஒரு வரவுகூட இல்லை. வந்ததெல்லாம் டெபாசிட். வட்டி போன தேதிகளைப் பாருங்கள்: கீழ்ஹட்டியில் ஒருவர் கட்டிய பணம் வந்த அன்றோ மறுநாளோ மேல்ஹட்டியில் இன்னொருவருக்கு வட்டியாகப் போயிருக்கிறது. லாபத்திலிருந்து வட்டி என்று சொன்னது முதல் மாதமே பொய் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தக் கணக்கை ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்து படித்து, கையெழுத்திட்டு ஓர் அறிக்கை தந்ததாகக் கோப்பில் இல்லை. வெறும் ஸ்டேட்மென்ட் நகல்தான் இருக்கிறது. நீலகிரியில் பிறந்தவர் பார்த்தால் புரியும் விஷயம், லண்டனில் உள்ள நீதிபதிக்கு ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் புரியும்.

மூன்றாவது, கடைசி வாரங்களின் ரசீதுகள். நிர்வாக இயக்குநர் கிளம்பிப் போவதற்கு முந்தைய வாரம்வரை புதிய டெபாசிட் வாங்கியிருக்கிறார். ஒரு பெண், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐம்பதாயிரத்தைக் கட்டிய ரசீதில் அந்த இயக்குநரின் சொந்தக் கையெழுத்து இருக்கிறது. இயக்குநருக்கு விசா எந்தத் தேதியில் கிடைத்தது, டிக்கெட் எப்போது எடுத்தார் என்பதை விசாரித்து அந்த ரசீதின் பக்கத்தில் வைத்தால் போதும், பணம் வாங்கும்போது தரும் எண்ணம் இருந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தேதிகளை இதுவரை நீங்கள் கேட்டு வாங்கவே இல்லை.

இந்த மூன்றையும் விவரித்து எழுதினால் அது இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில் பொய்யான உறுதிமொழியால் செய்த மோசடி. பத்தாண்டு வரை சிறை. இன்னொரு கதவும் உண்டு, அதை நீங்கள் தொட்டே பார்க்கவில்லை. அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் தொழில் நடத்துவது அங்கே 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ரிசர்வ் வங்கியின் பதிவில்லாமல் நிதி நிறுவனம் நடத்துவது இங்கேயும் குற்றம். கம்பெனிக்கு அந்தப் பதிவு இல்லை என்பது உங்கள் கோப்பிலேயே ஒரு கடிதமாக இருக்கிறது, குற்றச்சாட்டாக இல்லை. ஆகவே அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது என்று நீதிமன்றத்தில் சொன்னது சரியில்லை. இடம் கொடுக்கிறது, கேட்கிறபடி கேட்டால்.

குற்றம் பொருந்தினால் மட்டும் ஆள் வந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து வரும் கோரிக்கைக்கு முதல்நோக்கில் வழக்கு இருக்கிறது என்று சான்றோடு காட்டியாக வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்கு அந்தச் சுமை இல்லை, நமக்கு உண்டு. நம் சான்றோ பெரும்பாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின் கீழ் போலீஸ் எழுதிய வாக்குமூலம். சாட்சியின் கையெழுத்து அதில் இருக்காது, இருக்கவும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விஜய் மல்லையா வழக்கில் எதிர்த்தரப்பு இந்த வாக்குமூலங்களை ஏற்கவே கூடாது என்று வாதாடியது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காததற்குத் துணையாக அங்கே வங்கி ஆவணங்கள் மலைபோல் குவிந்திருந்தன. நம் கோப்பில் அப்படி இல்லை. எங்கள் டெபாசிட்தாரர்களின் வாக்குமூலங்களைப் படித்துப் பாருங்கள். பெயரும் தொகையும் மாறுகின்றன, மற்றபடி வரிக்கு வரி ஒன்றுதான். படகா மொழியில் பேசிய எழுபது வயதுப் பாட்டியும், தமிழில் பேசிய டிரைவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாட்டி என்னிடம் சொன்னது வேறு: ஃபேக்டரியைக் காட்டுகிறேன் என்று ஜீப்பில் கூட்டிப் போனார்கள், கேட்டுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே மெஷின் ஓடுகிறது, யாரையும் விட மாட்டார்கள் என்றார்கள். ஓடாத ஃபேக்டரியில் மெஷின் ஓடுகிறது என்று சொன்ன பொய் இது. வழக்கின் உயிரே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, அது உங்கள் தாளில் ஏறவில்லை.

சிறை நிலைமையும் இப்போது பெரிய தடை. 2025 பிப்ரவரியில் பாதுகாப்புத் தளவாட ஆலோசகர் சஞ்சய் பண்டாரியை அனுப்ப மறுத்த லண்டன் உயர் நீதிமன்றம், திகார் சிறையில் அவரிடம் பணம் பறிப்பும் வன்முறையும் நடக்கும் ஆபத்து உண்மையானது என்றது. நீரவ் மோடி வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் பேரக்கைக் குறிப்பிட்டு, அதன் வீடியோவையே அரசு தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பல பேர் இருக்கும் அறையில் ஒரு கைதிக்கு மூன்று சதுர மீட்டர் இடம் என்பதைக் கோடாக வைத்திருக்கிறது. எந்தச் சிறை, எந்த அறை, எத்தனை பேர், மருத்துவர் எப்போது வருவார் என்று முன்கூட்டியே எழுதித் தராவிட்டால் நம் வழக்கு அங்கேயும் சரியும். தண்டனை பெறாத ஒருவருக்கு மனிதர் வாழும்படியான அறை கொடுப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. என் கட்சிக்காரர்களில் கோபமாக இருப்பவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது காலம். அவர் 2018 கடைசியில் போனார். முதல் தகவல் அறிக்கை 2019இல், குற்றப்பத்திரிகை 2021இல். அதற்குப் பிறகு கோப்பு நகர்ந்ததைவிட நின்றதே அதிகம். சம்பவம் நடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது, இப்போது அனுப்புவது கொடுமை என்று வாதாட அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. தப்பி ஓடியவர் என்று நாம் நிரூபித்தால் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. ஆனால் அதற்கும் சான்று வேண்டும்: வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தே போனார் என்பதற்கு. குடும்ப வாழ்க்கை உரிமை என்று இன்னொரு வாதமும் வரும். அவருடைய பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அவருடைய வாதத்துக்குப் போய்ச் சேருகிறது.

நிலை அறிக்கையின் கடைசிப் பத்தியில் இன்டர்போல் சிவப்பு அறிவிப்புக்கு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அது பிடிவாரண்டு இல்லை. அதை மட்டும் வைத்து லண்டன் போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. மாநில உள்துறை, மத்திய உள்துறை, வெளியுறவு அமைச்சகம், லண்டன் தூதரகம் என்று போய், அங்குள்ள உள்துறை சான்றளித்த பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான் வாரண்டு கொடுக்கும். நம் சார்பில் அங்கே வாதாடப்போவது அவர்களுடைய அரசு வழக்கறிஞர். கோத்தகிரி எங்கே இருக்கிறது என்று தெரியாத அவர் கையில் இருக்கப்போவது உங்கள் காகிதம் மட்டுமே.

ஆகவே நான் கேட்பவை இவை.

நிலுவைப் பட்டியலுக்கு மாற்றக் கோரும் மனுவை அடுத்த விசாரணைக்கு முன் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெறாவிட்டால், டெபாசிட்தாரர்கள் சார்பில் நான் எதிர்ப்பேன். இந்த மடலில் சொன்ன ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு சொல்வேன்.

நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மேல்விசாரணை நடத்தி, கூடுதல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யுங்கள். பிரசுரம், வங்கிக் கணக்கு, விசா தேதியோடு வைத்த கடைசி ரசீதுகள், இந்த மூன்றும் அதன் நடுவில் இருக்கட்டும். எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரிடம், என்ன பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்று கதையாக எழுதுங்கள். பதிவில்லாமல் டெபாசிட் வாங்கியதையும் தனிக் குற்றச்சாட்டாகச் சேர்க்க, அதற்குரிய அதிகாரம் பெற்றவர்களிடம் இப்போதே புகார் கேளுங்கள். கணக்கைப் படித்துச் சொல்ல ஒரு தணிக்கையாளரை நியமியுங்கள்.

முக்கியமான சாட்சிகளையாவது மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, அவரவர் மொழியில், சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். படகாவில் பேசுபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்தப் பாட்டிக்கு முதல் இடம் கொடுங்கள், அவர் உடம்பு நன்றாக இல்லை.

மஞ்சூர், கூடலூர் பக்கத்துப் புகார்களைத் தனித்தனி வழக்காக விட்டுவைக்காதீர்கள். எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கு மட்டுமே விசாரிக்க முடியும் என்று நம் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவே கட்டிப்போடுகிறது. அவர் வந்து இறங்கிய பிறகு கூடலூர்க்காரர்களின் வழக்கை எடுக்க மறுபடியும் லண்டனின் சம்மதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். எல்லாப் புகார்களும் ஒரே கோரிக்கையில் போகட்டும்.

சிறை அறை பற்றிய உறுதிமொழியைச் சிறைத்துறையிடமிருந்து இப்போதே வாங்கி, அளவுகளோடும் படங்களோடும் கோப்பில் இணையுங்கள். அவர்கள் கேட்ட பிறகு தேட வேண்டாம்.

கோப்பை மறுபடி அனுப்பும்போது, எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, என்ன கேள்வி வந்தது, என்ன பதில் போனது என்பதை டெபாசிட்தாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் தெரிவியுங்கள். விசாரணை ரகசியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தேதிகளும் அலுவலகத்தின் பெயரும் போதும். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதை முப்பது நாட்களுக்குள் கையெழுத்திட்டுப் பதிலாக அனுப்புங்கள். என் அலுவலக முகவரி வழக்குக் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
டெபாசிட்தாரர்களின் வழக்கறிஞர்,
கோத்தகிரி